பதினாறு எண்ணும் வரை

மெத்தைக் கடைக்கு மேலே யோகா நிலையம் நடத்துவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். கீழே படுக்க வைக்கிறார்கள், மேலே எழுப்பி உட்கார வைக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு மாடிப்படி ஏறுகிறவர்களில் பாதிப் பேர், கண்ணாடிக்குள் விரித்துக் கிடக்கும் அந்த மெத்தைகளை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். டைம்டேபிளும் அப்படித்தான் பார்த்தான். ஒரு மாதத்துக்கு மேலாக அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை.

டைம்டேபிள் என்பது பேருந்துப் பணிமனையில் அவனுக்கு வைத்த பெயர். பத்தொன்பது வருடம் ஓட்டுநர். எட்டு பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி எட்டு பன்னிரண்டுக்குக் கிளம்பும். எட்டு பதினொன்றுக்கு ஓடிவந்து ஏறியவர்கள் அவனை வாழ்த்தினார்கள். எட்டு பதின்மூன்றுக்கு ஓடிவந்தவர்கள் அவன் பரம்பரையையே விசாரித்தார்கள். இரண்டையும் அவன் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிறவி. உலகத்தில் இந்த ரகம் குறைவு. உலகம் தப்பித்துக்கொண்டிருப்பதும் அதனால்தானோ என்னவோ.

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினான். நெஞ்சு தறிகெட்டு அடித்தது, விரல்கள் மரத்தன, இப்போதே செத்துவிடுவோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பின்னால் நாற்பது பேர். வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டு, அபாய விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்தான். சாகப் போகிற நேரத்திலும் எல்லாம் வரிசையாக. ஆஸ்பத்திரியில் இதயத்தை முன்னும் பின்னும் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க இதயம் எங்க இதயத்தை விட நல்லா இருக்கு, இது பதற்றம்" என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். நிர்வாகம் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, பயணிகள் தொலைத்த பொருட்கள் வைக்கும் அறையில் உட்கார வைத்தது. எட்டு வாரம் தொடர்ந்து எதுவும் வராமல் இருந்தால் கம்பெனி டாக்டரம்மா பரிசோதித்து மறுபடி வண்டி கொடுப்பார். அதுதான் விதி.

அந்த எட்டு வாரத்தில் ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஒன்றும் வரவில்லை. சும்மா இருந்திருந்தால் மீதி மூன்றும் ஓடியிருக்கும். ஆனால் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கட்டிக்கொண்டவளைக் கேட்டால்தான் தெரியும்.

"டாக்டரம்மா மூச்சுப் பயிற்சி செஞ்சா நல்லதுன்னு சொன்னாங்கல்ல?" என்றாள் மனைவி.

"மெதுவா, கொஞ்சமா செய்யலாம்னு சொன்னாங்க."

"அதான். அதையே ஒரு இடத்துல போயி ஒழுங்கா செஞ்சா? இருபத்தொரு நாள் பயிற்சி. முடிச்சா சர்டிஃபிகேட் வேற தர்றாங்க. மறுநாள் டாக்டரம்மாகிட்ட நீட்டினா அசந்துடுவாங்க. நானும் கூட வர்றேன்."

அவள் வருகிறாள் என்றால் தீர்மானம் ஆகிவிட்டது என்று பொருள்.

சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். இதய நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா, குடலிறக்கம் உண்டா, கர்ப்பமா. மனைவிதான் நிரப்பினாள். எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்று கர்ப்பம் வரைக்கும் கணவனுக்காக எழுதினாள். பயம் உண்டா, பதற்றம் உண்டா என்று அந்தப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காததை நாமாக எழுதி நாலு பேருக்குத் தெரிய வைப்பானேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நிலையத்தை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். இப்போது நாடிகளைச் சுத்திகரிக்கிறார். தொழில் மாறவில்லை, குழாய்தான் மாறியிருக்கிறது. இருபத்திரண்டு பேர் உட்காரும் கூடத்துக்குக் கன்னத்தில் ஒட்டிய மைக். அதில் வருகிற குரலோ, தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவர் பேசுவது போல. எந்த வாக்கியத்தையும் அவர் முடிப்பதில்லை. "மூச்சு என்பது..." என்று நிறுத்துவார். எல்லோரும் காத்திருப்பார்கள். அவ்வளவுதான், அதோடு சரி. காத்திருந்ததே ஒரு ஞானம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியது.

மூன்றாம் நாள் கபாலபாதி. வயிற்றை உள்ளே வெட்டி வெட்டி, மூக்கு வழியாக வேகமாக மூச்சை வெளியே தள்ளுவது. நூற்றியெட்டு முறை என்றார் மாஸ்டர். நாற்பது தாண்டியதும் டைம்டேபிளுக்கு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. அறுபதில் விரல் நுனிகள் மரத்தன, தலை லேசாகிக் கூரைப் பக்கம் போனது. பாலத்தின் மீது வந்ததுகூட இப்படித்தானே ஆரம்பித்தது என்ற நினைப்பு வந்ததும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. எப்படியோ நூற்றியெட்டை முடித்தான். சொன்ன எண்ணிக்கை ஆயிற்றே.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டரிடம் போய் நின்றான். பாலம், பதற்றம், மாத்திரை எல்லாவற்றையும் மனைவி கண்ணால் தடுத்தும் சொல்லிவிட்டான்.

மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டார். இயந்திரம் விற்ற காலத்தில் விலையைச் சொல்லும் முன் மூடுவாராம்.

"உள்ளே இருக்கிற அழுக்கு... வெளியே வரும்போது... அப்படித்தான். மரத்துப்போகுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். எத்தனை நாளா இந்த மாத்திரை?"

"அஞ்சு வாரமா."

"ஊன்றுகோல். நடக்கத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு ஊன்றுகோல்?"

"அதெல்லாம் நான் குடுக்கிறேன் மாஸ்டர், நீங்க கவலைப்படாதீங்க. ஊன்றுகோல எடுத்துட்டா நான்தான தூக்கணும்?" என்றாள் மனைவி. மாத்திரை தப்பித்தது.

அடுத்த வாரம் நாடிசுத்தி ஆரம்பமானது. வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் வலது மூக்கை அடைத்து, இடது மூக்கில் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுப்பது. பிறகு மோதிர விரலால் இடதையும் அடைத்து, பதினாறு எண்ணும் வரை உள்ளேயே நிறுத்துவது; அதற்குக் கும்பகம் என்று பெயர். பிறகு வலதைத் திறந்து எட்டு எண்ணி விடுவது. மறுபடி வலதில் இழுத்து, நிறுத்தி, இடதில் விடுவது. அது ஒரு சுற்று. வருடக்கணக்கில் படிப்படியாக ஏறி வரவேண்டிய இந்தப் பதினாறை மாஸ்டர் ஐந்தே நாளில் கொண்டுவந்துவிட்டார். இருபத்தொரு நாளில் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டுமே, வருடக்கணக்கில் எங்கே காத்திருப்பது?

கண்ணை மூட வேண்டும். மாஸ்டரும் மேடையில் அதே முத்திரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார். "நானும் உங்களோடு... சேர்ந்தே பயணிக்கிறேன்" என்பார். பிறகு மைக்கில் அவர் குரல் எண்ணும்.

பன்னிரண்டாம் நாள்.

டைம்டேபிளுக்கு இடது மூக்கு பிறவியிலேயே கொஞ்சம் ஒடுக்கம். அதில் இழுப்பது சாவித் துவாரம் வழியாகக் காற்று வாங்குவது மாதிரி. நான்கு எண்ணுவதற்குள் பாதிகூட நிறையாது. அந்த அரை மூச்சை வைத்துக்கொண்டு பதினாறு தாங்க வேண்டும். "எட்டு... ஒன்பது..." தொண்டைக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். "பத்து... பதினொன்று..." விலா எலும்புகள் தாமாகவே இழுத்தன. விட்டுவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவர் இன்னும் பதினாறு சொல்லவில்லை. நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுத்துப் பழக்கமில்லாதவன். பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது சுற்றில், பதினான்கில், அது வந்தது. பாலத்தின் மீது வந்த அதே ஆள், அதே வேகத்தில். நெஞ்சு குதித்தது, கண்ணுக்குள் ஓரங்கள் கறுத்தன, பதினாறு என்றதும் வாயைத் திறந்து இழுத்தான், இழுத்தான், எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. கை விரல்கள் கோழிக் கால் மாதிரி மடங்கிக்கொண்டன. போய்விட்டோம், இந்த ரப்பர் விரிப்பின் மீதா என்று ஒரு நினைப்பு. கீழே இவ்வளவு நல்ல மெத்தைகள் இருக்கும்போது.

"ஏங்க! ஏங்க!" என்று மனைவி உலுக்கினாள்.

"யாரும் திரும்பிப் பார்க்காதீங்க," என்றது மைக் குரல். "விஷம் வெளியேறுது. பிடிச்சுக்கோங்க... பிடிச்சுக்கோங்க..."

பின்வரிசையில் விரிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சின்ன டீச்சர்தான் வந்து அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ஏழு மணிக்கு முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நாற்காலி வகுப்பு எடுக்கிறவள். நாற்பது வயதுக்கு மேலே இருக்கும். எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பது போன்ற முகம். அவளை மாஸ்டர் "நம்ம உதவியாளர்" என்று அறிமுகப்படுத்துவார். நிலையத்தில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால் அது அவளுக்குத்தான் என்பதை அந்த அறிமுகத்திலேயே புரிந்துகொள்ளலாம்.

மாடிப்படியில் உட்கார வைத்தாள்.

"கண்ணைத் திறங்க. மூக்கை விடுங்க. எதையும் பிடிக்க வேணாம். இழுக்கிறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது தானா வரும். விடுறதை மட்டும் மெதுவா விடுங்க. ஊதி அணைக்கிற மாதிரி வேணாம், சூடா ஒரு காப்பியை ஆத்துற மாதிரி. ம். கால் தரையில இருக்கா?"

"இ... இருக்கு."

"எத்தனை படி தெரியுது கீழே?"

அவன் எண்ணினான். எண்ணுவது அவன் பிறவிக் குணம். பதினொன்று.

"இன்னொரு தரம் எண்ணுங்க."

மூன்றாம் தரம் எண்ணும்போது விரல்கள் விரிந்தன. நெஞ்சு முனகிக்கொண்டே அதன் இடத்துக்குத் திரும்பியது. வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே மிகவும் களைத்த மனிதன் தான்தான் என்று அவனுக்குப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தவளைப் பார்த்ததும் அதில் சந்தேகம் வந்தது.

"விஷம் வெளியேறுதுன்னாரே?" என்றான்.

"எந்த விஷம்? கரியமில வாயு தேவைக்கு மேல வெளியே போச்சுன்னா உதடு, விரலெல்லாம் மரக்கும், தலை சுத்தும். கபாலபாதியில வேகமா ஊதினீங்களே, அப்ப நடந்தது அது. இன்னைக்கு நேர்மாறு. ரொம்ப நேரம் அடைச்சு வச்சா, காத்து வேணும்னு உடம்பு கத்தும். எல்லாருக்கும் கத்தும். பதற்றம் இருக்கிறவங்களுக்கு அந்தச் சத்தமே சாவு மணி மாதிரி கேக்கும். பயந்து வாயால வாரி வாரி இழுத்தீங்களா, மறுபடியும் மரத்துப்போச்சு. நான் டாக்டர் இல்ல. ஆனா உங்களை மாதிரி இருபது பேரை இந்தப் படியில உக்கார வச்சிருக்கேன்."

"அப்ப நாடிசுத்தி எனக்கு ஆகாதா?"

"பிடிக்காம செஞ்சா ஆகும். கண்ணைத் திறந்து வச்சுக்கங்க, சுவத்துல சாஞ்சுக்கங்க. ஒரு பக்கம் மெதுவா இழுங்க, அடுத்த பக்கம் அதை விட மெதுவா விடுங்க. நடுவுல நிறுத்த வேணாம். மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம், போதும். அந்த இடது மூக்கு அடைச்சா விட்டுடுங்க, ரெண்டு மூக்கையும் திறந்து வச்சுச் சும்மா மெதுவா விட்டாலே போதும். தலை லேசாச்சுன்னா அந்த நிமிஷமே நிறுத்துங்க. மூச்சைக் கவனிச்சாலே பயம் வருதுன்னா, மூச்சை விட்டுட்டு காலைக் கவனிங்க. வண்டி ஓட்டும்போது கனவுலயும் செய்யாதீங்க. மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க."

"இதெல்லாம் முதல்லயே படிவத்துல கேட்டிருக்கலாமே?"

"கேக்கணும்னு மாஸ்டர்கிட்ட ரெண்டு வருஷமாச் சொல்றேன். 'பயம் இருக்கான்னு கேட்டா பயந்துடுவாங்க'ன்னுட்டார்." பிஸ்கட்டை நீட்டினாள். "சாப்பிடுங்க. மேல போயி பிடிக்காதீங்க."

"எல்லாரும் பிடிக்கிறாங்களே. நான் மட்டும் ஏமாத்துறதா?"

அவள் அவனை ஏதோ அரிய விலங்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நாளைக்குக் கண்ணைத் திறந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலிகளைப் பிரித்துப் போடப் போய்விட்டாள்.

பதின்மூன்றாம் நாள் அவன் பின்சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக இழுத்து மெதுவாக விட்டான். நன்றாகத்தான் இருந்தது. மற்றவர்கள் மூச்சை நிறுத்துகிற நேரத்தில், முதல்முறையாகக் கூடத்தைப் பார்த்தான்.

முன்வரிசையில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரின் வயிறு பல்லியின் தொண்டை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "ஐந்து" என்று மைக் சொல்வதற்குள் அவர் மூன்று மூச்சு விட்டிருந்தார். அக்கா தங்கை இருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயால் சாவகாசமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வங்கி அதிகாரி தூங்கிவிட்டார். பிடித்த மூக்கு பிடித்தபடி, குறட்டை மட்டும் வாய் வழியாக. அவனுக்குப் பக்கத்தில் மனைவி. ஏழு என்றதும் அவளுடைய மோதிர விரல், பூட்டிய வீட்டின் பின்கதவு மாதிரி, ஓசைப்படாமல் கொஞ்சம் திறந்துகொண்டது.

இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடப் பிடிக்கவில்லை. ஐந்து நாளாக இந்த ஊரில் மூச்சைப் பிடித்த ஒரே முட்டாள் அவன்தான்.

பிறகு மேடையைப் பார்த்தான். மாஸ்டர் கட்டைவிரலும் மோதிர விரலுமாக மூக்கை இறுக அடைத்துக்கொண்டு, தெய்வீகமாக நிமிர்ந்து உட்கார்ந்து, "பன்னிரண்டு... பதின்மூன்று... பதினான்கு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

டைம்டேபிள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தான். பேருந்துக்காரனுக்குக் காற்றுக் கணக்கு தெரியும். காற்று வெளியே போகாமல் ஹாரன் அடிக்காது.

"அங்கே பின்னாடி... ஏன் கண் திறந்திருக்கு?" என்றது மைக். "விரல் மூக்கிலே நிக்கவே இல்லையே? கும்பகம் எங்கே?"

"எனக்குப் பிடிக்க வேணாம்னு சொன்னாங்க மாஸ்டர். பதற்றம் இருக்கிறவங்களுக்கு ஆகாதாம்."

"பயம் பிடிக்கிறவனைத்தான் பயம் பிடிக்கும். நான் பிடிக்கலையா? உங்களோடு சேர்ந்து... நானும் பதினாறு..."

"அதான் மாஸ்டர் கேக்கணும்னு நினைச்சேன்." அவன் குரலில் துளியும் குத்தல் இல்லை. வழி கேட்கிறவன் குரல். "எண்ணிக்கிட்டே எப்படி மூச்சைப் பிடிக்கிறீங்க? எனக்கும் அது வந்தா ரொம்ப உபயோகமா இருக்கும்."

கூடத்தில் இப்போதுதான் உண்மையான கும்பகம் நடந்தது. இருபத்திரண்டு பேரும் மூச்சை நிறுத்தினார்கள். பிறகு தலைமை ஆசிரியர் "அட ஆமா" என்றார். தங்கைக்காரி வெடித்துச் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் வங்கி அதிகாரி விழித்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

மாஸ்டர் கன்னத்து மைக்கைத் தடவினார். "அது... உள்மூச்சு. அது வேற."

"சரி மாஸ்டர்" என்றான் அவன். அவனுக்கு அதற்கு மேல் கேட்கத் தெம்பு இல்லை.

வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டான். "நீயும் பிடிக்கலையா?"

"எதை?"

"மூச்சை."

"இருபத்திரண்டு வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன். நடுவுல நடுவுல திருட்டு மூச்சு விடாம முடியுமா?" என்றாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்து, குரலை இறக்கினாள். "நீங்க நிஜமாவே பிடிச்சீங்களா? பதினாறும்?"

"சொன்னாரே."

அவள் அவன் சட்டைக் காலரை நீவிவிட்டாள். நீவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

மீதி நாட்களை அவன் ஏழு மணி நாற்காலி வகுப்பில் கழித்தான். முட்டி வலிக்காரர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பேரப்பிள்ளை வளர்க்கும் களைப்பில் வந்து நாற்காலியில் சாய்கிறவர்கள். சின்ன டீச்சர் மைக் இல்லாமல் எண்ணினாள். நான்கில் இழு, ஆறில் விடு. முடியாதவர்கள் மூன்றில் இழுத்து நான்கில் விடட்டும். யாருக்கும் ஞானம் வரவில்லை. சிலருக்குக் கொட்டாவி வந்தது. அவனுக்கு மூன்றாவது நாளிலிருந்து ராத்திரியில் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் வந்தது.

இருபத்தொன்றாம் நாள் எல்லோருக்கும் சர்டிஃபிகேட். முன்கூட்டியே அச்சடித்தது, பெயர் மட்டும் எழுத வேண்டும். மாஸ்டர் டைம்டேபிளுக்குத்தான் முதலில் கொடுத்தார். எவ்வளவு சீக்கிரம் இந்த ஆள் படி இறங்குகிறானோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருக்கலாம். தங்க நிற ஓரம். "மேற்படியார் மூச்சை வென்றவராகவும், அச்சம், படபடப்பு ஆகியவற்றிலிருந்து முற்றிலும் விடுபட்டவராகவும் சான்றளிக்கப்படுகிறது."

மறுநாள் கம்பெனி டாக்டரம்மாவின் அறை. மனைவி வெளியே பெஞ்சில். மேஜையில் அவன் கோப்பு. மேலே தங்க ஓரத்தோடு அந்தக் காகிதம். மனைவிதான் வைக்கச் சொல்லியிருந்தாள்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தாள். அவளும் களைத்துப் போயிருந்தாள். அன்று அவளுக்கு இவன் பதினேழாவது ஆள்.

"மூச்சை வென்றவரா? யார்கிட்ட இருந்து?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி. இதயம் நல்லாருக்கு, ரத்த அழுத்தம் நல்லாருக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறீங்க. தூக்கமும் தேவலைன்னு எழுதியிருக்கு." பேனாவை எடுத்தாள். "கடைசியா எப்ப வந்துது?"

பாலத்தின் மீது என்று சொன்னால் போதும். எட்டு வாரம் முடிந்துவிட்டது. நாளைக்கே வண்டி. தொலைந்த குடைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை முடிந்தது. மேஜையில் தங்க ஓரச் சாட்சி வேறு இருக்கிறது. மெத்தைக் கடை மாடியில் நடந்தது எந்தக் கோப்பிலும் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்திருந்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள்.

இருபத்திரண்டு பேர் சுலபமாகச் செய்ததுதான். ஒரு விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

ஆனால் வண்டியில் அவனுக்குப் பின்னால் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார்கள், ஓட்டுகிறவனை நம்பி.

"பத்து நாளுக்கு முன்னால" என்றான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: நூற்றியெட்டு, பதினாறு, விஷம், மாடிப்படி. அவள் நடுவில் ஒரே ஒருமுறை, "மாத்திரையை விடச் சொன்னாரா?" என்று கேட்டாள். "சொன்னார். வீட்டுல விடல" என்றான்.

"நான் மெதுவா, கொஞ்சமான்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"உங்க மேல மட்டும் தப்பு இல்ல. என் மேலயும் பாதி இருக்கு. பிடிக்காதீங்க, வேகமா ஊதாதீங்கன்னு நான் சேர்த்துச் சொல்லியிருக்கணும். அந்த நாற்காலி வகுப்பு அம்மா சொன்னதையே செய்யுங்க. அது மருந்துக்குப் பதில் இல்ல, துணைக்கு. அது சரி..." பெருமூச்சு விட்டாள். எவ்வளவு எண்ணி விட்டாள் என்று சொல்ல முடியாது. "நீங்களா பிடிச்சு வரவழைச்சதுதான். ஆனாலும் வந்துது. எட்டு வாரத்தை அந்த நாள்லேர்ந்துதான் எண்ண முடியும். விதி அப்படி. நான் இதுல வேற எழுத முடியாது."

"தெரியும் டாக்டர். இன்னும் நாற்பத்தாறு நாள்."

அவள் நாட்காட்டியைப் பார்த்து எண்ணினாள். நாற்பத்தாறுதான்.

"சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

"இருந்திருக்கலாம்."

சர்டிஃபிகேட்டைத் திருப்பி நீட்டினாள். "இது கோப்புல வேணுமா?"

"வேணாம். வீட்டுல கேப்பாங்க. குடுத்துடுங்க."

வெளியே மனைவி எழுந்து நின்றாள். அவன் முகத்திலேயே படித்துவிட்டாள். ஆனாலும் கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"நாற்பத்தாறு நாள்."

"சொல்லிட்டீங்களா?"

"ம்."

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தான். அவள் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன் பட்டன் ஒன்றைத் திறந்து மூடினாள். "நான்தான கூட்டிட்டுப் போனேன்" என்றாள். "நாற்பத்தாறு நாளும் என் கணக்குல எழுதிக்கங்க."

"பாதி."

"பாதி எப்படி?"

"பதினாறு வரைக்கும் பிடிச்சது நான்தானே."

அவள் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். அடுத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவர் எழுந்து அவசரமாக உள்ளே போனார். இவர்களுக்கு எங்கேயும் அவசரம் இல்லை. போக வேண்டிய வண்டி போய்விட்டது. அடுத்தது இருபது நிமிடம் கழித்துத்தான் என்று அவனுக்குத் தெரியும். அவள் அவன் தோளில் தலை சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கியும் போனாள். அவன் அசையாமல் உட்கார்ந்து, அவள் மூச்சு போவதையும் வருவதையும் எண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.